x-ஐ விடுங்கள், k கிடைக்கும்

தம்பி மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தின் தலையில் ஒரே ஒரு கேள்வி:

x² − 12x + k = 0 என்ற சமன்பாட்டின் ஒரு மூலம் மற்றொன்றின் இருமடங்கு எனில், k-யின் மதிப்பு காண்க.

அதற்குக் கீழே முக்கால் பக்கத்துக்கு வர்க்கமூலக் குறிகள். இருபடிச் சமன்பாடு என்றதும் கை தானாகவே சூத்திரத்துக்குப் போய்விட்டது. x = (12 ± √(144 − 4k)) / 2 என்று எழுதியிருந்தாள். அதற்கு மேல் நகரவில்லை. அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தாள்.

“பெரியப்பா, k தெரிஞ்சாத்தானே x வரும்? x தெரிஞ்சாத்தானே k வரும்? ரெண்டுமே தெரியாம எப்படிப் போடறது?”

நியாயமான கேள்வி. ஒரே சமன்பாடு, அதில் தெரியாதவை இரண்டு. ஆனால் கேள்வியில் இன்னொரு தகவலும் இருக்கிறது. ‘ஒன்று மற்றொன்றின் இருமடங்கு’ என்பது வெறும் அலங்காரம் இல்லை, அதுதான் சாவி. அதைச் சூத்திரத்தின் எந்த இடத்தில் நுழைப்பது என்று தெரியாமல்தான் அவள் திணறிக்கொண்டிருந்தாள்.

“முதல்ல x-ஐ மறந்துடும்மா” என்றேன். “அந்த ரெண்டு மூலமும் என்னன்னு நமக்கு இப்ப வேண்டாம். ரெண்டையும் கூட்டினா என்ன, பெருக்கினா என்ன, அது போதும்.”

பன்னிரண்டை மூன்று பங்காக்கு

மூலம் என்பது என்ன? x இருக்கும் இடத்தில் எந்த எண்ணைப் போட்டால் சமன்பாட்டின் இடப்பக்கம் பூஜ்ஜியமாகிறதோ, அந்த எண் ஒரு மூலம். இருபடிச் சமன்பாட்டுக்கு அப்படி இரண்டு உண்டு. அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைப்பது பள்ளிக்கூட வழக்கம். இரண்டு மூலங்களும் தெரிந்தால் சமன்பாட்டையே திரும்பக் கட்டிவிடலாம்: (x − α)(x − β) = 0. இந்த அடைப்புகளைப் பெருக்கிப் பிரித்தால் இப்படி வரும்:

x² − (α + β)x + αβ = 0

இந்த வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். x-ன் கெழுவில் மூலங்களின் கூடுதல் உட்கார்ந்திருக்கிறது, முன்னால் ஒரு கழித்தல் குறியோடு. கடைசி எண்ணில் மூலங்களின் பெருக்கற்பலன் இருக்கிறது. சமன்பாட்டைத் தீர்க்காமலேயே, வெறுமனே பார்த்தே இந்த இரண்டையும் சொல்லிவிடலாம். x² − 12x + k = 0 என்றால் கூடுதல் 12, பெருக்கற்பலன் k.

இனி வேலை சுலபம். இரண்டு பேருக்கு 12 ரூபாயைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு பங்கு, மற்றவருக்கு இரண்டு பங்கு. மொத்தம் மூன்று பங்கு. ஒரு பங்கு 4. ஆக ஒரு மூலம் 4, மற்றது 8. பெருக்கினால் 32. k = 32, கணக்கு முடிந்தது.

எழுத்தில் எழுதினால் இப்படி: ஒரு மூலம் α, மற்றது 2α. கூடுதல் 3α = 12, ஆகவே α = 4. பெருக்கற்பலன் 2α² = 2 × 16 = 32.

அவள் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முக்கால் பக்கம் போராடியது இரண்டு வரியில் முடிந்ததில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அவள் முகத்தில் அதிகம். சரிபார்க்கச் சொன்னேன். x² − 12x + 32-ல் நான்கைப் போட்டால் 16 − 48 + 32, பூஜ்ஜியம். எட்டைப் போட்டால் 64 − 96 + 32, அதுவும் பூஜ்ஜியம்.

அவள் போன வழியும் தவறில்லை என்பதைச் சொல்ல வேண்டும். சூத்திரம் தரும் இரண்டு விடைகளில் பெரியது (12 + √…)/2, சிறியது (12 − √…)/2. பெரியது சிறியதின் இருமடங்கு என்று எழுதினால் 12 + √… = 24 − 2√… என்றாகி, அந்த வர்க்கமூலத்தின் மதிப்பு 4 என்று வந்துவிடும். அப்படியானால் 144 − 4k = 16, அதிலிருந்தும் k = 32-தான். ஊர் ஒன்றுதான், இது சுற்றுவழி. இந்த 4 நமக்குப் பின்னால் இன்னொரு முறை வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

k நடுவில் வந்தால் விடை இரண்டு

அடுத்த கேள்வியில் k இடம் மாறியிருந்தது: x² + kx + 18 = 0. நிபந்தனை அதேதான், ஒன்று மற்றொன்றின் இருமடங்கு.

இங்கே கூடுதல் நமக்குத் தெரியாது, அது −k. தெரிந்தது பெருக்கற்பலன், 18. ஆகவே பெருக்கற்பலனிலிருந்து தொடங்க வேண்டும். 2α² = 18, α² = 9. “α மூணு” என்று எழுதி, மூலங்கள் 3, 6, கூடுதல் 9, ஆகவே k = −9 என்று முடித்துவிட்டாள்.

பாதி விடைதான் இது. எந்த எண்ணின் வர்க்கம் 9? மூன்றும்தான், மைனஸ் மூன்றும்தான். α = −3 என்றால் மற்ற மூலம் −6. கூடுதல் −9, ஆகவே k = 9. இரண்டு சமன்பாடுகளுமே நிபந்தனைக்கு ஒத்துப்போகின்றன: x² − 9x + 18 = 0, x² + 9x + 18 = 0. முதலாவதின் மூலங்கள் 3, 6. இரண்டாவதின் மூலங்கள் −3, −6.

முதல் கணக்கில் ஒரே விடை, இரண்டாவதில் மட்டும் ஏன் இரண்டு? கூடுதல் தெரிந்திருந்தால் அது பங்கை நேரடியாகச் சொல்லிவிடுகிறது. 3α = 12 என்பதற்கு ஒரே தீர்வுதான் உண்டு. பெருக்கற்பலன் அப்படி இல்லை. அது α-வின் வர்க்கத்தைத்தான் சொல்கிறது. வர்க்கம் குறியை விழுங்கிவிடும். தொலைந்த குறியை நாம்தான் இரண்டு பக்கமும் தேட வேண்டும். எனவே k நடுவில் இருக்கிறதா, கடைசியில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டால், எத்தனை விடைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

2003-ல் வந்த கேள்வி

இதே கேள்வி கொஞ்சம் கனத்த சட்டை போட்டுக்கொண்டு 2003-ம் ஆண்டின் ஏ.ஐ.இ.இ.இ. நுழைவுத் தேர்வில் வந்தது. பொறியியல் படிப்புக்காக அன்று அகில இந்திய அளவில் நடந்த தேர்வு அது. 2013 முதல் அந்த இடத்துக்கு ஜே.இ.இ. மெயின் வந்துவிட்டது. தேர்வுத்தாளில் கண்டுபிடிக்க வேண்டிய எழுத்து a. நம் வசதிக்காக k என்றே வைத்துக்கொள்வோம்.

(k² − 5k + 3)x² + (3k − 1)x + 2 = 0

இதன் ஒரு மூலம் மற்றதைப் போல இருமடங்கு என்றால் k என்ன?

பார்த்ததும் மிரள வைக்கும். k மூன்று இடத்தில் இருக்கிறது, அதில் ஓரிடத்தில் வர்க்கமாக. ஆனால் வழி அதேதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இதுவரை x²-க்கு முன்னால் எதுவும் இல்லை. இப்போது ஒரு கெழு இருக்கிறது. அப்படி இருந்தால் சமன்பாடு முழுவதையும் அந்தக் கெழுவால் வகுத்துவிட்டுத்தான் கூடுதலையும் பெருக்கற்பலனையும் படிக்க வேண்டும். ax² + bx + c = 0 என்றால் கூடுதல் −b/a, பெருக்கற்பலன் c/a என்று பாடப்புத்தகம் சொல்வது இந்த வகுத்தலைத்தான்.

எழுத்து நீளமாக இருப்பதால் k² − 5k + 3 என்பதற்கு A என்று ஒரு செல்லப்பெயர் வைப்போம். மூலங்கள் α, 2α.

கூடுதல்: 3α = −(3k − 1)/A
பெருக்கற்பலன்: 2α² = 2/A, அதாவது α² = 1/A

இப்போது கையில் இரண்டு தகவல். ஒன்றில் α இருக்கிறது, இன்னொன்றில் α². முதலாவதை வர்க்கப்படுத்தினால் இரண்டிலும் α² வந்துவிடும். 9α² = (3k − 1)²/A². இதில் α² இருக்கும் இடத்தில் 1/A-வைப் போட்டால்:

9/A = (3k − 1)²/A²

இரண்டு பக்கமும் A²-ஆல் பெருக்கினால் 9A = (3k − 1)². α காணாமல் போய்விட்டது. எஞ்சியிருப்பது k மட்டும். செல்லப்பெயரை எடுத்துவிட்டு விரித்து எழுதினால்:

9k² − 45k + 27 = 9k² − 6k + 1

இரண்டு பக்கமும் 9k². அடித்துவிடலாம். கேள்வி தயாரித்தவர் இந்த இடத்தை யோசித்தேதான் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் k-க்கே இன்னொரு இருபடிச் சமன்பாடு வந்து நிற்கும். மிச்சம் 26 = 39k, ஆகவே k = 2/3.

சரிபார்ப்போம். k = 2/3 என்றால் முதல் கெழு 4/9 − 10/3 + 3, அதாவது 1/9. நடுக் கெழு 2 − 1 = 1. கடைசி எண் 2. ஒன்பதால் பெருக்கினால் x² + 9x + 18 = 0. சற்றுமுன் பார்த்த அதே சமன்பாடு. அத்தனை ஆடம்பரத்துக்கும் உள்ளே இருந்தது −3, −6 என்ற இரண்டு மூலங்கள்தான்.

இருமடங்கு என்றால் பெரியதா?

இங்கே தம்பி மகள் ஒரு நல்ல இடத்தில் கையை வைத்தாள். “−6-ஐ விட −3 தானே பெரிசு? அப்ப எது எதோட இருமடங்கு?”

ஆமாம், எண்கோட்டில் −6 இடதுபக்கம் இருக்கிறது, −3-ஐ விடச் சிறியது. ஆனாலும் இருமடங்கு −6தான், ஏனென்றால் −3 × 2 = −6. ‘இருமடங்கு’ என்பது இரண்டால் பெருக்குவது, ‘பெரியது’ என்பது எண்கோட்டில் வலப்பக்கம் இருப்பது. மிகை எண்களில் இரண்டும் சேர்ந்தே நடப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. குறை எண்களில் பிரிந்துவிடுகின்றன. ‘இருமடங்கு பெரியது’ என்று கேள்வியில் வந்தாலும் அதை இரண்டால் பெருக்குவதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் தன் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் கூட்டும் எண்களைத் தனம் என்றும் கழிக்கும் எண்களை ரிணம், அதாவது கடன் என்றும் சொல்லி, அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் விதி வகுத்தார். அந்தக் கண்ணோடு பார்த்தால் குழப்பமே இல்லை. மூன்று ரூபாய் கடன்காரரின் கடன் இருமடங்கானால் ஆறு ரூபாய் கடன். கடன் கூடியது, கையிருப்பு குறைந்தது.

இந்த இடத்தில் இன்னொரு சூட்சுமமும் ஒளிந்திருக்கிறது. கூடுதலுக்கு −b/a என்று எழுத வேண்டிய இடத்தில் மாணவர்கள் கழித்தல் குறியை விட்டுவிடுவது சகஜம். 2003-ன் கேள்வியில் அப்படி விட்டாலும் k = 2/3 என்ற சரியான விடையே வரும்! வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துவிடுவதால் தவறும் அதோடு அழிந்துவிடுகிறது. முதல் கணக்கிலும் அப்படித்தான், α = −4 என்று தப்பாக எடுத்தாலும் 2 × 16 = 32 வந்துவிடும். தவறு செய்தது நமக்கே தெரியாது. ‘மூலங்களையும் காண்க’ என்று கேள்வி ஒரு சொல் நீளும் நாளில்தான் மாட்டிக்கொள்வோம். அதனால் k வந்ததும் பேனாவை மூடிவிடாமல், மூலங்களை எழுதி ஒன்றையாவது சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது நல்லது. 3-ஐ x² + 9x + 18-ல் போட்டால் 54 வந்து நிற்கும். உடனே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு வழக்கறிஞர் கொடுத்த எழுத்துகள்

இந்தக் கேள்வியில் k என்று ஓர் எழுத்து இருப்பதே ஒருவர் செய்த உபகாரம். பிரான்சுவா வியேட் என்பவர் 1540-ல் பிரான்சில் பிறந்தார். தொழிலால் வழக்கறிஞர், மன்னர் நான்காம் ஹென்றியின் சேவையில் இருந்தவர், ஸ்பானியர்களின் ரகசியக் கடிதங்களைச் சங்கேதம் உடைத்துப் படித்துக் கொடுத்தவர். கணிதம் அவருக்கு ஓய்வுநேர ஆசை.

1591-ல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு புது ஏற்பாடு செய்தார். தெரியாத அளவுகளுக்கு உயிரெழுத்து, தெரிந்ததாகக் கொள்ளும் அளவுகளுக்கு மெய்யெழுத்து. அதற்கு முன் ஒவ்வொரு சமன்பாட்டையும் குறிப்பிட்ட எண்களோடுதான் எழுதிப் போட முடிந்தது. எண் மாறினால் கணக்கும் புதிது. கெழுவின் இடத்தில் ஓர் எழுத்தை உட்கார வைத்த பிறகுதான் ‘இப்படிப்பட்ட எல்லாச் சமன்பாடுகளும்’ என்று பேசவே வழி பிறந்தது. ‘k எவ்வளவு இருந்தால் மூலங்கள் இருமடங்கு உறவில் நிற்கும்’ என்ற கேள்வியைக் கேட்கவே இந்த ஏற்பாடு வேண்டும்.

மூலங்களுக்கும் கெழுக்களுக்கும் உள்ள உறவையும் அவர்தான் கண்டு எழுதினார். அவர் 1603-ல் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1615-ல் அது அச்சேறியது. இன்றும் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். ஆனால் வியேட் மிகை மூலங்களை மட்டுமே மூலமாக ஒப்புக்கொண்டார். x² + 9x + 18 = 0 என்று எழுதி நீட்டியிருந்தால் ‘இதற்கு மூலமே இல்லை’ என்றிருப்பார். குறை மூலங்களையும் கணக்கில் சேர்த்து அந்த உறவைப் பொதுவாக எழுதியவர் ஆல்பர்ட் ஜிரார்ட், 1629-ல். நம் −3, −6-க்கு அவர்தான் புகலிடம் கொடுத்தார் என்று சொல்லலாம்.

எது ஆல்ஃபா என்று கேட்காத வழி

ஒவ்வொரு முறையும் α, 2α என்று தொடங்குவதில் தம்பி மகளுக்கு ஓர் உறுத்தல் இருந்தது. “β-தான் சின்னதுன்னு இருந்தா? α-தான் இருமடங்குன்னு இருந்தா?”

பெயர் நாம் வைத்ததுதான், சிறியவனுக்கு α என்று வைத்துவிட்டால் போயிற்று என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டதற்கு இன்னும் நேரான பதில் ஒன்று உண்டு. α, β-யின் இருமடங்காக இருந்தால் α − 2β பூஜ்ஜியம். β, α-வின் இருமடங்காக இருந்தால் β − 2α பூஜ்ஜியம். இரண்டில் எது என்று நமக்குத் தெரியாது. ஆனால் இரண்டையும் பெருக்கினால் எப்படியிருந்தாலும் பூஜ்ஜியம்தான்:

(α − 2β)(β − 2α) = 0

இதை விரித்தால் 5αβ − 2α² − 2β² = 0. இதில் α² + β² இருக்கும் இடத்தில் (α + β)² − 2αβ என்று எழுதினால், எல்லாம் கூடுதலாகவும் பெருக்கற்பலனாகவும் மாறிவிடும்:

2(α + β)² = 9αβ

கூடுதலின் வர்க்கத்தை இருமடங்காக்கினால் பெருக்கற்பலனின் ஒன்பது மடங்கு. எந்த மூலம் எது என்ற பேச்சே இதில் இல்லை. கூடுதலும் பெருக்கற்பலனும் பெயர் மாற்றி வைத்தாலும் மாறாதவை. α + β-வும் β + α-வும் ஒன்றே. அதனால்தான் மூலங்களைத் தனித்தனியே அறியாமலே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறது.

கெழுக்களால் எழுதினால், ax² + bx + c = 0-வின் ஒரு மூலம் மற்றதின் இருமடங்காக இருக்க வேண்டுமென்றால் நிபந்தனை இதுதான்:

2b² = 9ac

முதல் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2 × 144 = 9k, k = 32. ஒரே வரி. மும்மடங்கு என்று கேட்டால் 3b² = 16ac. பொதுவாக m மடங்கு என்றால் mb² = (m + 1)²ac. இதில் m-க்கு 1 என்று போட்டால், அதாவது இரண்டு மூலங்களும் சமம் என்றால், b² = 4ac வரும். பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் ‘மூலங்கள் சமம்’ என்பதற்குச் சொல்லப்படும் அதே நிபந்தனை. தனித்தனியாக மனப்பாடம் செய்த இரண்டும் ஒரே குடும்பம்.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன 4 இங்கே திரும்பி வருகிறது. 2b² = 9ac என்றால் 4ac என்பது b²-ல் ஒன்பதில் எட்டுப் பங்கு. ஆகவே தன்மைகாட்டியான b² − 4ac-யில் மிஞ்சுவது b²/9 மட்டும். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் b/3, குறியைக் கழித்துவிட்டுச் சொன்னால். முதல் கணக்கில் 12-ல் மூன்றிலொரு பங்கு, அதாவது 4. நோட்டில் முக்கால் பக்கத்துக்கு அவளைப் பயமுறுத்திய வர்க்கமூலத்துக்குள் இருந்தது இந்த ஒரு பங்குதான்.

பொய் விடைகள்

2b² = 9ac என்பதை மந்திரம் போலப் போட்டுவிட்டு விடையை அப்படியே எழுதுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இந்தச் சமன்பாட்டைப் பாருங்கள்:

kx² + 3kx + 2 = 0

நிபந்தனையைப் போட்டால் 2 × 9k² = 9 × k × 2, அதாவது 18k² = 18k. இதற்கு இரண்டு தீர்வு: k = 1, k = 0. முதலாவது சரி, x² + 3x + 2 = 0 ஆகி மூலங்கள் −1, −2 என்று வரும். இரண்டாவதைப் போட்டால் சமன்பாடு 2 = 0 என்று நிற்கிறது. அது இருபடிச் சமன்பாடும் இல்லை, எந்தச் சமன்பாடும் இல்லை. கூடுதல் −b/a என்று எழுதும்போதே a பூஜ்ஜியம் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் வகுத்தோம். பிறகு குறுக்கே பெருக்கும்போது அந்தத் தடை கண்ணில் படாமல் போய்விடுகிறது. அதனால் x²-ன் கெழுவில் k இருந்தால், கிடைத்த ஒவ்வொரு k-யையும் முதலில் அந்தக் கெழுவில் போட்டு, பூஜ்ஜியமாகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இதற்கு நேரெதிரான வேடிக்கையும் உண்டு. x² − 3kx + 2k² = 0 என்பதில் நிபந்தனையைப் போட்டால் 18k² = 18k² என்று வந்து நிற்கும். k-ஐக் காணோம், ஆனால் தவறும் இல்லை. இந்தச் சமன்பாட்டின் மூலங்கள் k, 2k. k எதுவாக இருந்தாலும் ஒன்று மற்றதின் இருமடங்குதான். k பூஜ்ஜியமானால் இரண்டு மூலங்களும் பூஜ்ஜியம், பூஜ்ஜியத்துக்கு இருமடங்கும் பூஜ்ஜியமே. இப்படி இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டால், k-க்கு விடை இல்லை என்று எழுதக் கூடாது, எல்லா k-யும் விடை என்று எழுத வேண்டும்.

அவள் வைத்த பொறி

மாலையில் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். “இப்ப நான் கேக்கறேன், நீங்க போடுங்க.” இந்தக் கணக்கைத் தயாரிப்பது எளிது என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள். இரண்டு மூலங்களை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும், கூட்டிப் பெருக்கிச் சமன்பாடு எழுத வேண்டும், பிறகு ஓர் எண்ணை மறைத்துவிட்டு k என்று எழுத வேண்டும். முதல் சீட்டில் x² − 20x + k = 0, மும்மடங்கு. நான்கு பங்கு, ஒரு பங்கு 5, மூலங்கள் 5, 15, ஆகவே k = 75. சொல்லிவிட்டேன்.

இரண்டாவது சீட்டை நீட்டினாள். x² + kx − 18 = 0, இருமடங்கு. k நடுவில் இருக்கிறது, விடை இரண்டு வரும் என்று சொல்லிக்கொண்டே 2α² = என்று எழுதத் தொடங்கினேன். கை அங்கேயே நின்றது. 2α² = −18. எந்த மெய்யெண்ணின் வர்க்கம் −9?

ஒரு மூலம் மற்றதின் இருமடங்கு என்றால் இரண்டும் ஒரே பக்கம்தான் இருக்கும். இரண்டும் தனம், அல்லது இரண்டும் கடன். எப்படியானாலும் பெருக்கற்பலன் மிகையாகத்தான் வர வேண்டும். கடைசி எண்ணுக்கு முன்னால் நின்ற அந்தக் கழித்தல் குறியை முதலில் பார்த்திருந்தால் பேனாவையே எடுத்திருக்க வேண்டாம். எந்த மெய்யெண்ணை k-க்குப் போட்டாலும் நடக்காது.

“மைனஸ் போட்டா என்ன ஆகும்னு பாத்தேன் பெரியப்பா” என்றாள், சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு.